ஆடிக் கூழ் நாளுக்கான முதலுதவி கரோசல்: சுடுபுண், வெட்டுக்காயம் பற்றிய வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும்

கூழ்த்தொண்டன் (டொங்காட்), சனி, காலை 9.10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் வார்ப்புக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கிறது. பானையருகில் நிற்கும் தொண்டர்களுக்காகவும் காய்கறி நறுக்கும் பெண்களுக்காகவும் கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் எட்டு அட்டைகள் கொண்ட ஒரு கரோசலைத் தயாரித்து வருகிறேன். சிறிய சுடுபுண்ணுக்கும் வெட்டுக்காயத்துக்கும் என்ன செய்வது, எப்போது மருத்துவரிடம் போவது என்பதே பொருள்.

இப்போதைய வரைவில் முதல் அட்டையில் கோயில் கோபுரப் படமும் தலைப்பும் இருக்கின்றன. இரண்டாவதில் "புண்ணைச் சிறிது நேரம் குளிர்ந்த நீரில் காட்டவும்" என்றும், மூன்றாவதில் பற்பசை, வெண்ணெய், ஐஸ் ஆகியவற்றின் படங்களைப் போட்டு அவற்றின் மேல் சிவப்புக் குறுக்குக் கோடும் வைத்திருக்கிறேன். நான்காவதில் "உள்ளங்கையை விடப் பெரிய புண் என்றால் மருத்துவரிடம் செல்லவும்" என்று எழுதியிருக்கிறேன். மீதி நான்கும் வெட்டுக்காயத்துக்கு.

இதைச் செய்யத் தூண்டியது சென்ற ஆண்டு நடந்த ஒன்று. காலை 11 மணியளவில் பெரிய பானையை இறக்கும்போது கூழ் தளும்பி, ஓர் அக்காவின் இடது முன்கையிலும் மணிக்கட்டிலும் பட்டுவிட்டது. யாரோ புடவைத் தலைப்பால் துடைத்தார்கள், குழாயில் இரண்டு நிமிடம் கழுவினார்கள், பிறகு ஒருவர் ஓடிப்போய்ப் பற்பசை கொண்டுவந்து பூசினார். 1 மணிக்கு வளையல் இறுகி, கை வீங்கியது. பிறகு ஒரு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே பற்பசையைச் சுரண்டி எடுத்தபோதுதான் அவர் அழுதார். ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று, தழும்பும் இருக்கிறது.

ஸ்டேஞ்சர் சித்தப்பா, சனி, காலை 9.42

நல்ல முயற்சி, தம்பி. ஆனால் கோயில் வளாகத்தில் குடைராட்டினம் வைக்க நகராட்சியில் அனுமதி வாங்கினீர்களா? குழந்தைகள் அதிலிருந்து விழுந்தால் சுடுபுண் வராதே, எலும்பு முறிவுதானே வரும்?

கூழ்த்தொண்டன், சனி, காலை 9.55

சித்தப்பா, இது ராட்டினம் அல்ல, கைப்பேசியில் பார்க்கும் பட அட்டைகள். ராட்டினம் வைக்க எங்களிடம் பணமும் இல்லை.

பீனிக்ஸ் பெரியவர், சனி, காலை 10.30

பற்பசை தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெண்ணெயும் தவறு. ஆனால் ஐஸை ஏன் சேர்த்தீர்கள் என்று புரியவில்லை. சூடு பட்ட இடத்துக்குக் குளிர்ச்சிதான் வேண்டும் என்றால், தண்ணீரை விட ஐஸ் விரைவாக அல்லவா வேலை செய்யும்? எங்கள் ஆயா மஞ்சளை அரைத்துப் பூசுவார். மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதையும் ஓர் அட்டையில் சேர்க்கலாம்.

இரவுப்பணி அக்கா (சாட்ஸ்வர்த்), சனி, பகல் 12.15

நான் பல ஆண்டுகள் அவசரப் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி சொன்ன அந்த அக்காவின் கையை வைத்தே பேசுகிறேன். இரண்டாவது அட்டையில் இருக்கும் "சிறிது நேரம்" என்ற சொல்தான் சென்ற ஆண்டு நடந்த தவறின் வேர்.

முதலில் கூழைப் பற்றி. வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். கூழ் தோலில் ஒட்டிக்கொண்டு, தன்னிடம் இருக்கும் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே அதே அளவு வெந்நீரை விடக் கூழ் ஆழமான புண்ணை உண்டாக்கும். அதைத் துணியால் துடைத்தால் வெந்த மேல்தோலும் சேர்ந்து உரிந்து வரும். எனவே கூழையும் தண்ணீரைக் கொண்டே கழுவி இறக்க வேண்டும். நனைந்த சட்டைக் கை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அதை உடனே நீக்க வேண்டும். தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காமல் விட்டுவிட வேண்டும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம், கையில் கட்டிய காப்புக் கயிறு ஆகிய எல்லாவற்றையும் முதல் சில நிமிடங்களிலேயே கழற்ற வேண்டும். கை வீங்கிய பிறகு கழற்ற முடியாது. தண்ணீருக்கடியில் வைத்துக்கொண்டே கழற்றலாம்.

அதன் பிறகு 20 நிமிடம் ஓடும் நீர். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். தோலின் மேற்பரப்பு குளிர்ந்த பிறகும் அடியில் சூடு நிற்கும், அந்தச் சூடு திசுக்களைத் தொடர்ந்து வேகவைக்கும். இரண்டு நிமிடத்தில் வலி குறைந்தவுடன் கையை எடுத்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்த்த தவறு. டர்பன் குழாயில் எந்த வெப்பநிலையில் நீர் வருகிறதோ அதுவே போதும்.

ஐயா கேட்ட ஐஸைப் பற்றி: வேகம் அதிகம் என்பதே அதன் தீங்கு. கடும் குளிர் அந்த இடத்தின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே பாதி வெந்து பிழைக்கப் போராடும் திசுவுக்கு இரத்தம் போகாமல் புண் ஆழமாகும். மரத்துப்போவதால் அந்தச் சேதம் நடப்பதும் தெரியாது. மஞ்சளைப் பற்றி நான் ஆயாக்களோடு சண்டை போடுவதில்லை. ஆனால் அம்மியிலிருந்து வரும் மஞ்சளில் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது. அதோடு மஞ்சள் பூசிய புண்ணின் நிறத்தை எந்த மருத்துவராலும் படிக்க முடியாது, பற்பசையைப் போலவே அதையும் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த அக்கா 1 மணிக்குத்தான் மருத்துவ நிலையத்துக்குப் போனார் என்றீர்கள். அப்போதுகூட நேரம் கடந்துவிடவில்லை. புண் ஏற்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கினால் 20 நிமிடக் குளிர்விப்பு ஓரளவு பயன் தரும். பற்பசையைக் கழுவிவிட்டு 12 மணிக்காவது தொடங்கியிருக்கலாம். இதை யாரும் எந்த அட்டையிலும் எழுதுவதில்லை. தாமதமாகிவிட்டது, இனி என்ன பயன் என்று மக்கள் விட்டுவிடுகிறார்கள்.

பீனிக்ஸ் பெரியவர், சனி, பகல் 12.50

நான் தொழிற்சாலையில் முதலுதவிப் பயிற்சி பெற்றவன். அங்கே 10 நிமிடம் என்றுதான் கற்பித்தார்கள். 20 என்பது எங்கிருந்து வந்தது?

இரவுப்பணி அக்கா, சனி, பகல் 1.20

நீங்கள் கற்றது பொய் அல்ல, ஐயா. பழைய கையேடுகள் 10 என்றே சொல்லின, இன்றும் சில கையேடுகள் குறைந்தது 10 என்று சொல்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் இன்று 20 என்று சொல்கிறார்கள். இதற்கான ஆய்வுகளில் பல பன்றித் தோலில் செய்யப்பட்டவை என்பதால், மனிதருக்கு 15 போதாது, 20 தான் வேண்டும் என்று எவராலும் கறாராக நிறுவ முடியாது. ஆனால் அட்டையில் 20 என்று எழுதினால் மக்கள் 12 நிமிடமாவது நிற்பார்கள், 10 என்று எழுதினால் 4 நிமிடத்தில் கையை எடுத்துவிடுவார்கள். இது என் அனுபவம், ஆய்வு அல்ல.

வரைகலைத் தம்பி, சனி, பிற்பகல் 3.05

நான் அட்டைகள் வடிவமைப்பவன் என்ற முறையில் மூன்று விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

பலர் முதல் அட்டையைத் தாண்டுவதில்லை. அங்கே கோபுரம் இருந்தால் அவர்கள் கற்பது கோபுரம் மட்டுமே. கையும் குழாயும் "20 நிமிடம்" என்ற எழுத்தும் முதல் அட்டையிலேயே இருக்கட்டும், கோயில் பெயர் ஓரத்தில் சிறிதாக இருந்தால் போதும்.

மூன்றாவது அட்டை எனக்கு அச்சம் தருகிறது. யாராவது அந்த ஓர் அட்டையை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சிறிய திரையில் குறுக்குக் கோடு கண்ணில் படாது, பற்பசை தெளிவாகத் தெரியும். "சுடுபுண்ணுக்குப் பற்பசை, கோயிலே சொல்கிறது" என்று ஊர் சுற்றும். கூடாதவற்றைப் படமாகப் போடாமல், சொல்லாக மட்டும் எழுதுங்கள்.

மூன்றாவது விஷயம்: நான்காவது அட்டையில் நீங்கள் எடுத்திருக்கும் படம் வெள்ளைத் தோலில் இளஞ்சிவப்புப் புண். நம் தோலில் அது அப்படித் தெரியாதே?

இரவுப்பணி அக்கா, சனி, மாலை 5.40

தம்பி கடைசியாகச் சொன்னதற்காக அவருக்கு ஒரு தட்டு வடை கடன்பட்டிருக்கிறேன். நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் மேலோட்டமான புண் சிவப்பாகத் தெரியாமல், சுற்றியுள்ள தோலை விடக் கறுத்தோ மினுமினுத்தோ தெரியலாம். சிவக்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆகையால் நிறத்தை மட்டும் நம்பாமல், தொட்டும் கேட்டும் பார்க்க வேண்டும். கடுமையாக எரிந்து, கொப்புளம் எழும்பி, அடியில் ஈரமாக இருந்தால் அது நடுத்தர ஆழம். தோல் வெளுத்தோ, மெழுகு போலவோ, தோல்பை போல விறைத்தோ இருந்து, தொட்டால் வலிக்கவே இல்லை என்றால் அது முழு ஆழத்துக்கு வெந்த புண். வலி உணரும் நரம்புகள் அழிந்துவிட்டதால் வலி இல்லை. "வலிக்கவில்லை" என்ற சொல்லைக் கேட்டால் மகிழாதீர்கள், மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

உள்ளங்கை அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய கை என்று எழுதவில்லை. அடிபட்டவருடைய கை, அதுவும் சேர்த்து வைத்த விரல்களோடு. அது ஏறத்தாழ அவருடைய உடல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. மூன்று வயதுக் குழந்தையின் புண்ணைத் தாத்தாவின் கையால் அளந்தால், பெரிய புண்கூடச் சிறியதாகத் தெரியும்.

அளவு சிறியதாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டிய இடங்கள் உண்டு: முகம், கை, பாதம், மூட்டுகள், பிறப்புறுப்பு. கையையோ காலையோ வளையம் போலச் சுற்றி வெந்த புண்ணும், மின்சாரத்தாலோ ரசாயனத்தாலோ ஏற்பட்ட புண்ணும் அப்படியே. குழந்தைகள், முதியவர், கருவுற்றவர், நீரிழிவு உள்ளவர் என்றால் சிறிய புண்ணையும் காட்டிவிடுங்கள். அந்த அக்காவுக்கு மணிக்கட்டில் பட்டது. அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

மாரிட்ஸ்பர்க் மகள், சனி, இரவு 8.20

நீரிழிவு என்றதும் எழுதத் தோன்றியது. என் அப்பாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. சென்ற ஜூலைக் குளிரில் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்கினார். காலையில் குதிகாலில் ஒரு பெரிய கொப்புளம். அவருக்கு எதுவுமே வலிக்கவில்லை. நாங்கள் சிறிய புண் என்று நினைத்துக் கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை எடுத்துவிட்டோம். பத்து நாளில் சீழ் வைத்து, விரல் வரை கறுத்து, மருத்துவமனையில் இரண்டு வாரம் இருந்தார். இப்போது நன்றாக இருக்கிறார். கொப்புளத்தை என்ன செய்வது என்று உங்கள் அட்டைகளில் ஒரு சொல்லும் இல்லையே?

இரவுப்பணி அக்கா, சனி, இரவு 9.00

வீட்டில் குத்தக் கூடாது, மகளே. கொப்புளத்தின் தோல்தான் அந்த நேரத்தில் கிடைக்கும் சிறந்த கட்டு. பெரிய கொப்புளத்தை மருத்துவர்கள் சில சமயம் நீக்குவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள், அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆனால் அது கிருமி நீக்கிய கருவிகளோடு செய்யும் வேலை.

குளிர்வித்த பிறகு மூடுவதற்கு, நாம் கிளாட் ராப் என்று சொல்லும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் நல்லது. சுருளின் முதல் சுற்றைக் கிழித்து எறிந்துவிட்டு, அடுத்த துண்டைப் புண்ணின் மேல் நீளவாக்கில் வைக்க வேண்டும். வளையமாகச் சுற்றினால், வீங்கும் கையை அது இறுக்கிவிடும். முகத்தில் வேண்டாம். பஞ்சு வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். வலிக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம்.

கூழ்த்தொண்டன், ஞாயிறு, காலை 7.15

எல்லாம் சரி, அக்கா. ஆனால் எங்களுக்குப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அழிந்து மாதக்கணக்கில் குழாயில் நீர் வராமல் இருந்ததை எல்லோரும் அறிவீர்கள். இன்றும் குழாய் வறளும் நாட்கள் உண்டு. ஆடி நாளில் அப்படி நடந்தால், 20 நிமிடம் ஓடும் நீர் என்று அட்டையில் எழுதி என்ன பயன்?

இரவுப்பணி அக்கா, ஞாயிறு, காலை 8.30

நல்ல கேள்வி. மெல்லிய ஒழுக்காக, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றினால் 20 நிமிடத்துக்கு 20 லிட்டர் போதும். ஒரு பெரிய பெயிண்ட் வாளி அளவு. கையைப் பெரிய பாத்திரத்தின் மேல் பிடித்து, குவளையால் மேலிருந்து ஊற்றி, கீழே சேர்ந்ததை எடுத்து மறுபடி ஊற்றினால் அதில் பாதியே ஆகும். சேர்ந்த நீர் வெதுவெதுப்பாகிவிட்டால் மாற்ற வேண்டும். கையைப் பாத்திரத்தில் அமிழ்த்தி வைப்பதும் ஏற்கத்தக்கதே. ஈரத் துணியைப் போட்டுவைப்பது கடைசி வழி. தோலின் சூட்டில் துணி ஓரிரு நிமிடத்திலேயே வெதுவெதுப்பாகிவிடும், ஆகவே இடைவிடாமல் மாற்ற வேண்டும். போட்டுவிட்டு மறந்துபோனால் அது குளிர்விப்பாகாது.

ஜூலைக் காலையில் குழந்தைக்குச் செய்யும்போது புண்ணை மட்டும் குளிர்வித்து, உடலைக் கம்பளியால் போர்த்துங்கள். நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

வடகரை வாசி, ஞாயிறு, காலை 9.10

எங்கள் வீட்டு ஜோஜோ தொட்டியில் மழைநீர் இருக்கிறது. அதைக் கோயிலுக்குத் தரத் தயார்.

பீனிக்ஸ் பெரியவர், ஞாயிறு, காலை 9.35

தொட்டி நீரில் பறவை எச்சம் விழுந்திருக்கும். அதைத் திறந்த புண்ணில் ஊற்றுவது என் மஞ்சளை விட மேலானதா, அக்கா?

இரவுப்பணி அக்கா, ஞாயிறு, காலை 10.20

நியாயமான கேள்வி, ஐயா. நல்ல நீர் வரும் வரை காத்திருப்பதை விடத் தெளிந்த தொட்டி நீரால் உடனே குளிர்விப்பது மேல், பிறகு கொதித்து ஆறிய நீரால் ஒருமுறை கழுவிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆற்று நீரும் வெள்ள நீரும் வேண்டாம். ஆனால் என்னோடு பணியாற்றிய ஒரு மருத்துவர் இதை ஏற்க மாட்டார், அவரோடு இதே வாதத்தை நான் முடித்ததே இல்லை. ஆகவே முந்தைய நாளே குடிநீரை மூடிய கேன்களில் பிடித்து, பானையருகில் 20 லிட்டர் தனியாக வைத்துவிடுங்கள். அதிலிருந்து சாம்பார் வைக்க யாரையும் விடாதீர்கள்.

கூழ்த்தொண்டன், ஞாயிறு, காலை 11.00

வைத்துவிடுகிறேன். இப்போது வெட்டுக்காயம். பூசணிக்காய் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொள்வதுதான் எங்களிடம் வழக்கம். "காயத்தை அழுத்திப் பிடித்து, டெட்டால் ஊற்றிக் கட்டவும், டெட்டனஸ் ஊசி போடவும்" என்று எழுதியிருக்கிறேன்.

இரவுப்பணி அக்கா, ஞாயிறு, பகல் 12.40

அழுத்திப் பிடிப்பது சரி. எவ்வளவு நேரம் என்று இங்கும் எழுதவில்லை. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் உறுதியாக அழுத்த வேண்டும், கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும், இடையில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் உறையத் தொடங்கிய இரத்தம் பிய்ந்து, கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேல் இன்னொன்றை வையுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால், அழுத்தியபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கண்ணாடித் துண்டு குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம், அதன் இரு பக்கமும் அழுத்துங்கள்.

இரத்தம் நின்றதும் குடிநீரால் நன்றாகக் கழுவினால் போதும். டெட்டாலை அப்படியே ஊற்றினால் கிருமியோடு ஆறவேண்டிய திசுவும் கெடும்.

ஆனால் விரல் வெட்டில் நான் அஞ்சுவது இரத்தத்தை அல்ல. பூசணிக்காயில் வழுக்கிய கத்தி ஒரு சென்டிமீட்டர் காயம்தான் போடும், இரத்தமும் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும், ஆனால் உள்ளே தசைநாண் அறுந்திருக்கலாம். ஆகவே கட்டுவதற்கு முன் விரலின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே மடக்கி நீட்டச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியின் இரு பக்கங்களையும் மெதுவாகத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். மடங்காவிட்டாலோ மரத்திருந்தாலோ, காயம் எவ்வளவு சிறியதானாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வாய் பிளந்து நிற்கும் காயத்துக்கும் தையல் வேண்டும், மாலை வரை காத்திருக்க வேண்டாம்.

வடகரை வாசி, ஞாயிறு, பகல் 1.30

ஒவ்வொரு வெட்டுக்கும் டெட்டனஸ் ஊசி வேண்டுமா? போன மாதம் ஒரு சிறு கீறலுக்கு எனக்குப் போட்டார்கள்.

இரவுப்பணி அக்கா, ஞாயிறு, பகல் 2.10

கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. தொடக்கத் தவணைகள் எல்லாம் முடித்தவருக்கு, சுத்தமான சிறு காயம் என்றால் பத்து ஆண்டுக்குள் போட்டிருந்தால் வேண்டாம். மண்ணோ துருவோ சாணமோ பட்ட காயம் என்றால் ஐந்து ஆண்டு. எப்போது போட்டோம் என்று தெரியாதவர்கள்தான் பெரும்பாலோர், அவர்களுக்குப் போட்டுவிடுவார்கள். ஆழமான சுடுபுண்ணுக்கும் இதே கேள்வி எழும் என்பதை மறக்க வேண்டாம்.

மாரிட்ஸ்பர்க் மகள், ஞாயிறு, பிற்பகல் 3.00

வீட்டிலேயே ஆறவிட்ட காயம் கெட்டுப்போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அப்பாவுக்கு நாங்கள் தெரிந்துகொள்ளவில்லை.

இரவுப்பணி அக்கா, ஞாயிறு, பிற்பகல் 3.25

இரண்டாம் மூன்றாம் நாளில் குறைய வேண்டிய வலி கூடினால், வீக்கமும் சூடும் காயத்தின் விளிம்பைத் தாண்டிப் பரவினால், சீழோ துர்நாற்றமோ காய்ச்சலோ வந்தால், உடனே காட்டுங்கள். பரவுகிறதா என்ற ஐயம் இருந்தால் பேனாவால் விளிம்பில் கோடு போட்டுவிட்டு, மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பைத் தேடுவதை விட இது நம்பகமானது. உங்கள் அப்பாவைப் போல உணர்ச்சி இல்லாதவர்களுக்கு வலி என்ற அடையாளமே கிடையாது, தினமும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். சுடுபுண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் காட்ட வேண்டும்.

வரைகலைத் தம்பி, ஞாயிறு, மாலை 6.45

அண்ணா, முதல் அட்டையை மாற்றி வரைந்துவிட்டேன். மாநிறக் கை, குவளை, வாளி, அருகில் கழற்றி வைத்த வளையல், "கடிகாரம் பார்த்து 20 நிமிடம்" என்ற எழுத்து. மருத்துவ அட்டையின் அடியில் ஆம்புலன்சுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112 என்று போட்டிருக்கிறேன். மாரியம்மன் படம் எங்கும் இல்லையே என்று தலைவர் கேட்டால் என்ன சொல்வது?

கூழ்த்தொண்டன், ஞாயிறு, இரவு 7.20

கடைசி அட்டையில் வைத்துவிடலாம். தலைவர் கடைசி வரை தள்ளிப் பார்ப்பவர்.

இரவுப்பணி அக்கா, ஞாயிறு, இரவு 7.50

முதல் அட்டையை ஒரு தாளில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, அந்த 20 லிட்டர் கேனின் மேலேயே ஒட்டிவிடுங்கள். கை வெந்தவர் கைப்பேசியைத் திறக்க மாட்டார்.